ஓடத் தொடங்கும் முன் எந்தப் பரிசோதனை? டி.எம்.டி. அறையிலிருந்து ஓர் ஒப்பீடு

மதுரையில் ஓர் இதய நோய்ப் பிரிவில் பத்தொன்பது வருடமாக டி.எம்.டி. என்கிற டிரெட்மில் இதயப் பரிசோதனை அறையில் டெக்னீஷியன் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் நெஞ்சு முடியை மழித்து, பத்து ஒயர்களை ஒட்டி, நகரும் பட்டையில் ஏற்றி நடக்கவிடுவது என் வேலை. பக்கத்தில் நிற்கும் டாக்டர் ரிப்போர்ட் எழுதுவார். முன்பெல்லாம் நெஞ்சுவலி என்று வந்தவர்கள்தான் அதிகம். இப்போது வாரத்துக்கு நாலைந்து பேராவது, "ஒன்னும் பிரச்சினை இல்லீங்க, ஓடலாம்னு இருக்கேன், ஒரு டி.எம்.டி. எடுத்துப் பாஸ் ஆயிட்டா நிம்மதி" என்று வருகிறார்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். அந்தப் ‘பாஸ்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நெருடும். ஏன் என்பதை என் மச்சினனின் கதையை வைத்துச் சொல்கிறேன்.

அவனுக்கு வயது 46. கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை. இருபது வருடமாகக் கல்லாவை விட்டு இறங்கியதில்லை. அண்ணா நகர் வீட்டிலிருந்து கடைக்கு டூவீலரில் வருவான், போவான், அவ்வளவுதான். கடைக்கு வரும் ஒரு லைன் சேல்ஸ்மேன் 21 கிலோமீட்டர் ஓடி மெடல் வாங்கிய போட்டோவைக் காட்டியிருக்கிறார். இவனுக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று நோட்டீஸோடு வீட்டுக்கு வந்தான். ஒன்று ஐம்பது அறுபது டெஸ்ட் கொண்ட மாஸ்டர் செக்கப், இன்னொன்று டி.எம்.டி., மூன்றாவது கால்சியம் ஸ்கோர் என்கிற சி.டி. ஸ்கேன்.

"எது எடுக்கட்டும் மச்சான்? மூணையும் எடுத்துறவா?"

"நாலாவது ஒன்னு இருக்கு மாப்ள. அதுக்கு நோட்டீஸ் அடிக்க மாட்டாங்க. உன்னை உட்கார வச்சு கேள்வி கேக்கறது."

சிரித்தான். ஆனால் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு 2015இல் தன் வழிகாட்டுதலை மாற்றி எழுதியபோது அதைத்தான் முதலில் வைத்தது. அதற்கு முன்பு வயது, கொழுப்பு, புகை என்று எண்ணிக் கூட்டி, கூட்டுத்தொகை அதிகமானால் டாக்டரிடம் போ என்று சொல்லி வந்தார்கள். அப்படி எண்ணினால் நாற்பது தாண்டிய பெரும்பாலோர் தப்ப முடியாது. நடக்கத் தொடங்கக்கூடச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. இப்போது கேட்பது இவைதான்: ஏற்கெனவே ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறாயா? இதயம், சர்க்கரை, சிறுநீரக நோய் ஏதும் இருப்பதாகத் தெரியுமா? அறிகுறி ஏதாவது உண்டா? எவ்வளவு கடுமையாகச் செய்யப்போகிறாய்? நோயும் அறிகுறியும் இல்லாதவர், இதுவரை சும்மா இருந்தவரே ஆனாலும், வேக நடை அளவில் எந்த மெஷினிலும் ஏறாமல் தொடங்கலாம். நோய் உண்டு என்றால், அறிகுறி இல்லாவிட்டாலும் டாக்டரின் அனுமதி வேண்டும். அறிகுறி உண்டு என்றால் பயிற்சி பேச்சையே நிறுத்திவிட்டு நேராக டாக்டரிடம்.

இதில் அறிகுறிக் கேள்விதான் கடினம். "நெஞ்சு வலிக்குமா?" என்று கேட்டால் நம்மூரில் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வருவது வலி இல்லை. போன வருடம் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், சைக்கிள் குழுவில் சேரப்போவதாகச் சொல்லி என் அறைக்கு வந்தார். நெஞ்சுவலி இல்லை, ஒன்றும் இல்லை என்று படிவத்தில் டிக் அடித்திருந்தார். ஒயர் ஒட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் மாடி ஏறினால் கேஸ் அடைக்குமாம், படியில் ரெண்டு நிமிடம் நின்றால் ஏப்பம் விட்டு இறங்கிவிடுமாம். உட்கார்ந்திருக்கும்போது வருமா என்றேன். வராதாம். உழைத்தால் வந்து, நின்றால் போகிற கேஸை நான் கேஸ் என்று எடுத்துக்கொள்வதில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன், பட்டையில் ஏற்றும் முன்பே பேச வேண்டிய ஆள் அவர். அதனால் நான் கேட்பதெல்லாம் வலியைப் பற்றி இல்லை: மாடி ஏறினால், மூட்டை தூக்கினால், பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் நெஞ்சிலோ தாடையிலோ தொண்டையிலோ இடக்கையிலோ ஏதாவது இறுக்கம், எரிச்சல், பாரம் வந்து, நின்றதும் போகிறதா? போன வருடம் எடுத்த அதே படிக்கு இந்த வருடம் மூச்சு அதிகம் வாங்குகிறதா? வேலை செய்துகொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தது உண்டா? இதை அவரிடம் மட்டும் கேட்டால் போதாது, மனைவியிடமும் கேட்க வேண்டும். என் மச்சினன் விஷயத்தில் அவன் மனைவியைத் தனியாகக் கேட்டேன். குறட்டை விடுவார் என்பதைத் தவிர வேறு புகார் இல்லை.

அடுத்து குடும்பம். அப்பா அல்லது அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்குள், அம்மா அல்லது அக்கா தங்கைக்கு 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அது கணக்கில் வரும். இவன் அப்பாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, 52இல் வந்தது. அவன் சிகரெட்டை விட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. சரி, கேள்வியிலேயே இவ்வளவு தேறிவிட்டது, செலவு ஒரு டம்ளர் காப்பி.

இப்போது மாஸ்டர் செக்கப்பைப் பார்ப்போம். அந்த நோட்டீஸில் உள்ள ஐம்பது டெஸ்ட்டில் ஓடப்போகிறவனுக்கு உதவுவது ஐந்தாறுதான்: பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், ஹீமோகுளோபின், ஓய்வு நிலை ஈ.சி.ஜி. மற்றதெல்லாம் எண்ணிக்கைக்காக. பிரஷரையும் சர்க்கரையையும் பணம் கொடுத்துப் பார்க்கவே வேண்டியதில்லை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பார்கள், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். ஆனால் ஒரே ஒருமுறை பார்த்த பிரஷரை நம்பக்கூடாது. இவனுக்கு 148/94 இருந்தது, கடையிலிருந்து ஓடி வந்து காப்பி குடித்த கையோடு எடுத்தது. நல்ல டிஜிட்டல் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்து, ஏழு நாள் காலை இரண்டு தடவை, மாலை இரண்டு தடவை எழுதி வைக்கச் சொன்னேன். முதல் நாளை விட்டுவிட்டு மீதியைச் சராசரி பார்த்தால் 141/91. வீட்டில் எடுத்தால் 135/85க்கு மேல் போவதே அதிகம்தான். ஆக, படபடப்பில் வந்த பிரஷர் இல்லை, இருக்கிற பிரஷர். மூன்று மாதச் சர்க்கரை 6.1, அதாவது இன்னும் நோய் இல்லை, வாசலில் நிற்கிறது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 152.

ஓய்வு நிலை ஈ.சி.ஜி. பற்றி ஒரு வார்த்தை. பழைய மாரடைப்பின் தழும்பு, தாளக் கோளாறு, மின்பாதை அடைப்பு, தசை தடிப்பு இதையெல்லாம் காட்டும். ரத்தக்குழாய் அடைப்பைப் பொறுத்தவரை பெரும்பாலும் வாய் திறக்காது. கணிசமான அடைப்பு உள்ளவர் அமைதியாகப் படுத்திருந்தால் அவர் ஈ.சி.ஜி. நம் ஈ.சி.ஜி. மாதிரியே இருக்கலாம். எக்கோ என்கிற இதய ஸ்கேனும் அப்படித்தான். வால்வு, தசை, பம்பு செய்யும் திறன் தெரியும், குழாய் தெரியாது. முப்பத்தைந்து வயதுக்குக் கீழே ஓடும்போது இதயம் நின்று விழுகிறவர்களில் பிறவிக் கோளாறுகளைத் தேட வேண்டும், அங்கே எக்கோ முக்கியம். அதற்கு மேலே விழுகிறவர்களில் முதல் காரணம் ரத்தக்குழாய். ஆகையால் ஈ.சி.ஜி., எக்கோ நார்மல் என்ற காகிதத்தை வைத்து 46 வயதுக்காரன் தைரியம் கொள்ள முடியாது. குழந்தைப் பருவத்தில் முடக்குவாதக் காய்ச்சல் வந்தவர், மார்பில் சத்தம் கேட்கிறது என்று எப்போதோ சொல்லப்பட்டவர், இவர்களுக்கு எக்கோ அவசியம்.

சரி, என் அறைக்கு வருவோம். டி.எம்.டி.யில் பெரும்பாலான இடங்களில் புரூஸ் முறைதான். முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், பட்டை 10 சதவீதம் சாய்ந்திருக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏறும், சாய்வும் ஏறும்; நான்காவது கட்டத்தில் 6.8 கிலோமீட்டர், 16 சதவீதச் சாய்வு. அழகர்மலையில் ஏறுகிற மாதிரி இருக்கும். நான் ஸ்கிரீனில் ஈ.சி.ஜி. கோட்டின் எஸ்.டி. என்கிற பகுதியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் படுக்கையாகவோ கீழ்நோக்கியோ இறங்கினால் பாசிட்டிவ், அதாவது அடைப்பு இருக்கலாம் என்று அர்த்தம். பிரஷர் ஏறாமல் இறங்கினால் உடனே நிறுத்துவோம்.

இதன் பலவீனத்தைக் கணக்காகவே காட்டிவிடலாம். 1989இல் 147 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அடைப்பு உள்ளவரில் சராசரியாக 68 சதவீதம் பேரை டி.எம்.டி. பிடித்தது, அடைப்பு இல்லாதவரில் 77 சதவீதம் பேரை இல்லை என்று சரியாகச் சொன்னது. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆயிரம் பேர் மாரத்தான் ஆசையில் என் அறைக்கு வருகிறார்கள், அவர்களில் 50 பேருக்கு உண்மையில் அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 50இல் 34 பேருக்குப் பாசிட்டிவ் வரும், 16 பேர் ‘பாஸ்’ ஆகிப் போய்விடுவார்கள். மீதி 950 பேரில் சுமார் 218 பேருக்கு இல்லாத அடைப்பு இருப்பதாகப் பாசிட்டிவ் வரும். மொத்தம் பாசிட்டிவ் 252 பேர், அதில் நிஜம் 34. ஏழு பேரைப் பயமுறுத்தினால் ஒருவருக்குத்தான் நோய். இதே மெஷினில், மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்று சொல்கிற ஆயிரம் பேரை ஏற்றுங்கள். பாதிப் பேருக்கு அடைப்பு இருக்கும் என்று வைத்தால், பாசிட்டிவ் வந்த நாலு பேரில் மூன்று பேருக்கு நோய் இருக்கும். மெஷின் மாறவில்லை, ஏறிய ஆள் மாறியதில்தான் வித்தியாசம். முதல் கூட்டத்தில் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தசோகையோ, பிரஷரால் தடித்த இதயத் தசையோ, சில சமயம் ஒரு காரணமும் இல்லாமலோ எஸ்.டி. இறங்கும். அப்படி ஓர் ஆசிரியைக்கு 44 வயதில் பாசிட்டிவ் வந்து, குழாய்களையே படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ எடுத்து அவை சுத்தம் என்று தெரியும்வரை மூன்று வாரம் அவர் தூங்கவில்லை. ஓட வந்தவர் நடையையும் விட்டுவிட்டார். அந்த நஷ்டத்தை யாரும் பில்லில் போடுவதில்லை.

இன்னொன்று. டி.எம்.டி. காட்டுவது ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய அடைப்பை. மாரடைப்புகளில் நிறைய, முப்பது நாற்பது சதவீதம் மட்டுமே அடைத்திருந்த ஒரு கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வருவது. நேற்று டி.எம்.டி. நார்மல், இன்று மாரடைப்பு என்று பேசிக்கொள்வார்களே, அது மெஷின் பொய் சொன்னதால் இல்லை.

எடுப்பதாக இருந்தால் ஒழுங்காக எடுக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். 220இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் வந்ததும் நிறுத்திவிடுவது பல இடங்களில் வழக்கம். 46 வயதுக்கு அது 148. நெஞ்சுவலிக்காரருக்கு அது போதலாம். ஆனால் 21 கிலோமீட்டரில் கடைசி மேட்டில் இவன் இதயம் 165ஐத் தொடும். 148இல் நின்ற டெஸ்ட் அந்த மேட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. முடியவில்லை என்று நீங்களே சொல்லும்வரை ஏற்றச் சொல்லிக் கேளுங்கள், டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும். கைப்பிடியில் தொங்காதீர்கள், தொங்கினால் ஆறு நிமிட ஆள் ஒன்பது நிமிடம் போனதாகக் கணக்கு வரும். பிரஷர் மாத்திரையில் இதயத்துடிப்பைக் குறைக்கும் வகை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வேட்டி கட்டி, செருப்புப் போட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

கால்சியம் ஸ்கோர் வேறு கேள்விக்குப் பதில். ஊசி இல்லை, மருந்து ஏற்றுவதில்லை, பத்து நிமிடத்தில் முடியும். கதிர்வீச்சு சுமார் ஒரு மில்லிசீவர்ட். இதயக் குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பைக் கூட்டி ஓர் எண் கொடுக்கும். அகட்ஸ்டன் என்பவர் 1990இல் கொண்டுவந்த கணக்கு. நூறுக்குள் என்றால் லேசு, நானூறுக்கு மேல் என்றால் கனம். இன்று ரத்தம் தடைபடுகிறதா என்று இது சொல்லாது. இந்த ஆளுக்குக் குழாய் நோய் தொடங்கிவிட்டதா என்று சொல்லும். சுண்ணாம்பு ஏறாத இளம் திட்டுகள் இதில் தெரியாது. அதனால் நாற்பதுகளில் பூஜ்யம் வந்தால் நல்ல செய்தி, உத்தரவாதம் இல்லை. சர்க்கரைக்காரரும் புகைப்பவரும் பூஜ்யத்தை வைத்து ஆடவே கூடாது. எல்லோருக்கும் தேவையும் இல்லை: குடும்பத்தில் ஒன்றும் இல்லாத, எல்லா எண்ணும் சரியாக உள்ள ஆளுக்கு இது வீண் செலவு; ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும் வீண், விஷயம்தான் தெரிந்துவிட்டதே. கொழுப்பு மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று நடுவில் நிற்கிறவருக்குத்தான் இது தராசு.

என் மச்சினன் சரியாக அந்த நடுவில் நின்றான். அப்பாவுக்கு 52இல் மாரடைப்பு, எல்.டி.எல். 152, சர்க்கரை வாசலில், பிரஷர் நிஜம். டி.எம்.டி.யை விட இவனுக்குக் கால்சியம் ஸ்கோர்தான் புதிதாக ஏதாவது சொல்லும் என்று எனக்குப் பட்டது; எங்கள் டாக்டரும் அதையே சொன்னார். ஸ்கோர் 64 வந்தது. "நூறுக்குள்ளதான மச்சான், லேசுதான?" என்றான். லேசுதான், ஆனால் இந்த வயது ஆண்களில் பெரும்பாலோருக்குப் பூஜ்யம் வரும். 46இல் 64 என்பது வயதுக்கு முந்திய நரை மாதிரி. டாக்டர் பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் 40, கொழுப்புக்கு ரோசுவாஸ்டாட்டின் 10 எழுதினார். ஸ்கோரை வருடா வருடம் எடுத்துப் பார்க்காதே என்றும் சொன்னார், ஏனென்றால் ஸ்டாட்டின் மாத்திரையே திட்டைக் கெட்டியாக்கிச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்; ஏறிவிட்டதே என்று பதறுவார்கள்.

டி.எம்.டி. இதற்கு அப்புறம்தான் வந்தது. நோய் தொடங்கியது தெரிந்துவிட்டது, ஆள் போட்டியில் ஓடப்போகிறான். அப்போது பெரிய தடை எதுவும் இல்லை என்று பார்ப்பதில் அர்த்தம் உண்டு. தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தால் போதும் என்று அவன் சொல்லியிருந்தால் டாக்டர் இதைக் கேட்டிருக்க மாட்டார். முதலில் எட்டு வாரம் மாத்திரையும் நடையும், பிரஷர் அடங்கியதும் என் அறை. சொந்தக்காரனின் நெஞ்சை மழிப்பது ஒரு மாதிரிதான் இருந்தது. 9 நிமிடம் 40 விநாடி போனான், துடிப்பு 169, பிரஷர் உச்சத்தில் 196/88, எஸ்.டி. அசையவில்லை. இறங்கிய பிறகும் ஆறு நிமிடம் ஒயரைக் கழற்றவில்லை. சிலருக்கு மாற்றம் ஓய்வில்தான் வரும்.

இந்த எட்டு வார நடையும் பரிசோதனையில் சேர்த்திதான் என்பேன். 1993இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், திடீரென்று கடுமையாக உழைத்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து, வாரத்தில் ஒரு தடவைகூடக் கடுமையாக உடல் வருத்தாதவர்களுக்கு 107 மடங்கு ஏறியது. வாரம் ஐந்து தடவையோ அதற்கு மேலோ செய்கிறவர்களுக்கு 2.4 மடங்குதான். ஒரு மணி நேரத்துக்கான அடிப்படை ஆபத்து மிகச் சிறியது என்பதால் 107 என்றதும் யாரும் கட்டிலில் படுத்துவிட வேண்டாம். ஆனால் எந்த ஸ்கேனும் இந்த எண்ணை இறக்காது, பழக்கம்தான் இறக்கும். ஆகவே பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, நோயும் அறிகுறியும் குடும்பக் கதையும் இல்லை என்றால், கேள்விகள், வீட்டுப் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, அதற்குமேல் பன்னிரண்டு வாரம் பேச்சு தடைபடாத வேகம் என்பதைத்தான் நான் எடுப்பேன். சர்க்கரைக்காரருக்கு இதோடு கண்ணின் விழித்திரையும் பாதத்தின் உணர்ச்சியும் சேரும். சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை போடுகிறவர் ஓடும் நாளில் அளவை எப்படி வைப்பது என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

மச்சினன் டி.எம்.டி. ரிப்போர்ட்டை லேமினேட் செய்து கடையில் மாட்டப் போனான். அந்தக் காகிதம் அந்த ஒரு நாளைப் பற்றியது என்றேன். ஓடும்போது நெஞ்சிலோ தாடையிலோ ஏதாவது வந்து, நின்றதும் போனால், காரணம் இல்லாமல் வழக்கமான தூரம் திடீரென்று முடியாமல் போனால், தலை சுற்றிக் கண் இருட்டினால், லேமினேட்டைப் பார்க்காமல் என்னைக் கூப்பிடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று காலை ஐந்தரைக்கே தெப்பக்குளத்துக்குப் போய்விடுகிறான். பதினான்காவது வாரத்தில் ஏழு கிலோமீட்டர், மூன்றாவது மாத ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். 81. பிரஷர் நோட்டு கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது. போன வாரம் பார்த்தபோது ஒரு பக்கத்தில் 126/80க்குக் கீழே துவரம்பருப்பு பாக்கி எழுதியிருந்தான்.